மத நிந்தனைச் சட்டங்களை எதை வைத்து ஒப்பிடுவது?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருந்து சட்டம் படிக்கப் போன பிள்ளைகள் கருத்தரங்கக் கட்டுரைக்காக மத நிந்தனை, மதவிலகல் என்ற தலைப்பை எடுக்கும்போது, முதலில் ஒரு அட்டவணைதான் போடுகிறார்கள். ஒரு நிரலில் நாடு, அடுத்ததில் பிரிவு, கடைசியில் தண்டனை. பாகிஸ்தானில் மரணம், இந்தியாவில் மூன்று ஆண்டு, இங்கிலாந்தில் சட்டமே இல்லை, இலங்கையில் "மத நிந்தனை" என்று ஒரு குற்றம் இல்லை. இதில் எதுவும் பிழையில்லை. ஆனால் அந்த அட்டவணையைப் படிப்பவருக்கு, 2019இல் ஒரு சிறுகதையை எழுதியதற்காக இலங்கையில் ஓர் எழுத்தாளர் நான்கு மாதம் ஏன் விளக்கமறியலில் இருந்தார் என்று புரியப் போவதில்லை.

தண்டனையின் அளவை விட இரண்டு கேள்விகள் முக்கியம் என்பது என் கருத்து. குற்றம் என்று சொல்ல, அந்த மனிதரின் நோக்கத்தை அரசு நிரூபிக்க வேண்டுமா? முறைப்பாடு பதிவான நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் இடையில் அவர் எங்கே இருப்பார்? இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றையும் இந்த இரண்டு கேள்விகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடயம் தெளிவாகும். மூன்றும் ஒரே சட்டக்கோவையின் வாரிசுகள் என்பதால் ஒப்பிடவும் வசதி.

அந்த மூலம் 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை. மெக்காலே தலைமையில் வரைவு தயாரானது. அதில் 295 முதல் 298 வரையான பிரிவுகள் மதம் பற்றியவை. வழிபாட்டிடத்தை உடைப்பது, வழிபாட்டைக் குழப்புவது, புதைகுழிகளில் அத்துமீறுவது, மத உணர்வைப் புண்படுத்தும் சொல்லைச் சொல்வது எல்லாம் குற்றம். ஆனால் இவற்றின் அடிப்படையில் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வருகிறது: புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும், அல்லது அவமதிப்பாகக் கொள்ளப்படும் என்ற அறிவாவது இருக்க வேண்டும். எந்த மதத்துக்கும் தனிச் சலுகை கிடையாது. கடவுளைக் காப்பாற்றுவது அந்தச் சட்டத்தின் வேலையே இல்லை. சனங்களுக்கிடையே சண்டை வராமல் பார்ப்பதுதான் அதன் கவலை.

இங்கிலாந்தின் சொந்தச் சட்டம் இதைவிட மோசமாக இருந்தது. அங்கே மத நிந்தனை கிறிஸ்தவத்தை மட்டும் காத்தது. 1979இல் கூட, ஒரு கவிதையை வெளியிட்ட பத்திரிகை ஆசிரியரின் வழக்கில், வெளியிடும் எண்ணம் இருந்தால் போதும், நிந்திக்கும் நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2008இல்தான் அந்தக் குற்றம் ஒழிக்கப்பட்டது. ஆக, நோக்கம் வேண்டும் என்ற விடயத்தில் காலனிக்குக் கொடுத்த சட்டம் அவர்களுடைய வீட்டுச் சட்டத்தை விட முன்னேறியதாக இருந்தது.

1920களில் லாகூரில் நபிகளின் தனிவாழ்க்கையை இழித்து எழுதிய ஒரு சிறுநூல் வெளியானது. அதை வெளியிட்டவரை 1927இல் மேல் நீதிமன்றம் விடுவித்தது. இருக்கிற பிரிவுகளில் இந்தச் செயல் அடங்காது என்றது. பெரிய கொந்தளிப்பு எழுந்தது. அதே ஆண்டு 295அ பிரிவு சேர்க்கப்பட்டது. மத உணர்வைச் சீண்டுவது குற்றம், ஆனால் அது வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு செய்யப்பட்டிருக்க வேண்டும். வெளியீட்டாளரை இந்தச் சட்டம் காப்பாற்றவில்லை. 1929இல் ஓர் இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்.

சுதந்திர இந்தியாவில் இந்தப் பிரிவு செல்லுமா என்ற கேள்வி 1957இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ராம்ஜி லால் மோடி வழக்கு. பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் கட்டுரையில் எடுத்துக்காட்ட வேண்டும்: கவனக்குறைவாலோ, நோக்கம் இல்லாமலோ நேர்ந்த அவமதிப்பை இந்தப் பிரிவு தொடாது, வேண்டுமென்றே தீய எண்ணத்தோடு செய்த கடுமையான வடிவத்தை மட்டுமே தொடும். நோக்கம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் அந்தத் தீர்ப்புக்கு அடித்தளமே இராது.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான வழக்கு பெரியாருடையது. 1953 மே மாதம் திருச்சியில் அவர் களிமண் பிள்ளையார் சிலையைப் பொது மேடையில் உடைத்தார். 295ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு போனது. உடைத்தது கோவிலில் பிரதிஷ்டை செய்த சிலையல்ல, புனிதப் பொருள் என்று கொள்ள முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. எவ்வளவு சிறிய பொருளானாலும், ஒரு சாரார் புனிதமாகக் கருதினால் அது பிரிவுக்குள் வரும், மற்றவர்களின் உணர்வில் நீதிமன்றங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் நாள் கடந்துவிட்டது என்று சொல்லி வழக்கை மீண்டும் திறக்கவும் இல்லை. சட்டம் விரிந்தது, குற்றவாளி யாரும் இல்லை. இந்தியச் சட்டத்தின் இரண்டு முகமும் இந்த ஒரே தீர்ப்பில் தெரிகிறது. 295அ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக இருக்கிறது; நோக்கம் பற்றிய நிபந்தனை அப்படியே தொடர்கிறது.

பாகிஸ்தானுக்கு வருவோம். 1947இல் அவர்களுக்கும் இதே கோவைதான் கிடைத்தது. ஜெனரல் ஸியா உல் ஹக் காலத்தில் அதில் புதிய பிரிவுகள் ஒட்டப்பட்டன: 1982இல் குர்ஆனை அவமதிப்பதற்கு ஆயுள் தண்டனை, 1984இல் அஹ்மதியர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்வதே குற்றம், 1986இல் நபியின் பெயரை இழிவுபடுத்துவதற்கு மரணம் அல்லது ஆயுள் தண்டனை. இந்தக் கடைசிப் பிரிவுதான் 295சி. 1990இல் கூட்டாட்சி ஷரியா நீதிமன்றம் ஆயுள் தண்டனை போதாது, மரணம் மட்டுமே என்று தீர்ப்பளித்தது.

மரணம் என்ற சொல்லில் கண் நின்றுவிடுவதால் பலரும் கவனிக்காமல் போகும் இடம் ஒன்று உண்டு. 295சியில் நோக்கம் என்ற நிபந்தனை எழுதப்படவில்லை. சொல்லாலோ, எழுத்தாலோ, படத்தாலோ, குத்திக்காட்டலாலோ, மறைமுகச் சாடையாலோ, நேராகவோ சுற்றியோ என்று செயல் மட்டும் அகல விரிகிறது. பக்கத்துப் பிரிவான 295அவில் "வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு" என்று இருக்க, மிகக் கடுமையான தண்டனை உள்ள பிரிவில் அது இல்லை. தண்டனை கூடக் கூட நிரூபணமும் கடினமாக வேண்டும் என்பது குற்றவியல் சட்டத்தின் பாலபாடம். இங்கே அது தலைகீழாக நிற்கிறது.

ஆசியா பீபியின் வழக்கில் இது எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். 2009 ஜூன் 14, பஞ்சாபில் ஒரு கிராமத்துப் பழத்தோட்டம். கூலிக்குப் பழம் பறித்துக்கொண்டிருந்த கிறிஸ்தவப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிறிஸ்தவர் கையால் வாங்கிக் குடிக்க மாட்டோம் என்று இரண்டு சகோதரிகள் மறுத்தார்கள். வாய்த்தர்க்கம் முற்றியது. ஐந்து நாள் கழித்து, ஜூன் 19 அன்று, அந்த இடத்தில் இல்லாத பள்ளிவாசல் இமாம் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். ஒரு பொதுக் கூட்டத்தில் ஆசியா பீபி குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார்கள். 2010 நவம்பரில் மரண தண்டனை, 2014இல் லாகூர் மேல் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2018 ஒக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தால், சாதாரணக் குற்றவியல் சட்டத்தரணி முதல் நாளே பிடித்திருக்கக்கூடிய ஓட்டைகள்தான் அதில் சுட்டிக்காட்டப்பட்டிருக்கின்றன. ஐந்து நாள் தாமதத்துக்கு நல்ல விளக்கம் இல்லை. தோட்டத்தில் வேறு பல பெண்கள் இருந்தும் சாட்சிக்கு வந்தது அந்த இரண்டு சகோதரிகள் மட்டும். வாய்த்தர்க்கம் நடந்ததையே அவர்கள் தங்கள் சாட்சியத்தில் சொல்லவில்லை. பொதுக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டபோது ஒரு சாட்சி நூறு என்றார், ஒருவர் ஆயிரம் என்றார், இன்னொருவர் இரண்டாயிரத்துக்கு மேல் என்றார். கூட்டத்தின் மிரட்டலுக்கு நடுவே வந்த ஒப்புதல் சுயமானதல்ல என்றது நீதிமன்றம். நியாயமான சந்தேகத்தின் பலன் கிடைத்தது. சட்டப்பிரிவில் யாரும் கை வைக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த ஓட்டைகளைச் சொல்ல ஏன் ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆனது? அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் 2011 ஜனவரியில் சொந்த மெய்க்காப்பாளர் கையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மாதத்தில் சிறுபான்மை விவகார அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். கீழ் நீதிமன்றத்தில் இருக்கும் ஒரு நீதிபதிக்கு விடுதலை எழுதுவது எவ்வளவு பாரம் என்று இதிலிருந்து தெரியும். 295சியின் கீழ் பாகிஸ்தான் அரசு இதுவரை யாரையும் தூக்கிலிட்டதில்லை. இதை வைத்து "நடைமுறையில் ஆபத்தில்லை" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அது தவறான முடிவு. 2021 டிசம்பரில் சியால்கோட்டில் தொழிற்சாலை முகாமையாளராக இருந்த இலங்கையர் பிரியந்த குமார மதச் சுவரொட்டியை அகற்றினார் என்ற குற்றச்சாட்டில் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டபோது, அவர்மேல் எந்த வழக்கும் பதிவாகியிருக்கவில்லை. நோக்கம் பற்றிக் கேள்வி கேட்காத சட்டம், நோக்கம் பற்றிக் கேள்வி கேட்காத கும்பலை வளர்க்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1883இன் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இந்தியக் கோவையைத் தழுவியது. 290 முதல் 292 வரையானவை மதம் பற்றிய பிரிவுகள். 291அ மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட நோக்கத்தோடு பேசுவது, தண்டனை ஓராண்டு வரை. 291ஆ வேண்டுமென்றே தீய எண்ணத்தோடு சீண்டுவது, இரண்டு ஆண்டு வரை. நோக்கம் வேண்டும், தண்டனையும் சிறிது. இவ்வளவோடு நின்றிருந்தால் இலங்கை இந்தியாவின் வரிசையில் வந்திருக்கும்.

குழப்பம் 2007இல் வந்த ஐசிசிபிஆர் சட்டத்தோடு தொடங்குகிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்குவது என்ற பெயரில் வந்த சட்டம் அது. அதன் 3ஆம் பிரிவு, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுதலாகும் இன, மத வெறுப்பைப் பரப்புவதைத் தடுக்கிறது. பத்து ஆண்டு வரை கடூழியச் சிறை. வாசகம் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையிலிருந்து வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆபத்து பிணை பற்றிய உபபிரிவில் இருக்கிறது: மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே, பிணை கொடுக்கலாம். நீதவான் எவ்வளவு தெளிவாகப் பார்த்தாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது.

சக்திக சத்குமாரவின் வழக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. விகாரை ஒன்றின் உள்வாழ்க்கையைத் தொட்டு அவர் எழுதிய சிங்களச் சிறுகதை முகநூலில் வந்தது. பிக்குகள் முறைப்பாடு செய்தார்கள். 2019 ஏப்ரல் 1 அன்று பொல்கஹவெல பொலிசார் கைதுசெய்தார்கள். ஓகஸ்டில்தான் மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. 2021 பெப்ரவரியில் வழக்கு எதுவும் இன்றி விடுவிக்கப்பட்டார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லை, ஆனால் நான்கு மாதச் சிறை நடந்து முடிந்துவிட்டது. தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவை மட்டும் பயன்படுத்தியிருந்தால், தண்டனை கிடைத்தாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் போகாத குற்றம் இது. அதே ஆண்டு மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடுப்பைப் போட்டதற்காகக் கைதானார். பொலிசாருக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. அந்த உடுப்பைப் போட்டவருக்கு யாரையும் புண்படுத்தும் எண்ணம் இருந்திருக்க வழியே இல்லை என்பது படத்தைப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2016இல் இஸ்லாத்தை அவமதித்துப் பேசியதற்காக ஞானசார தேரருக்கு ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது 2025 ஜனவரியில். சிறுகதைக்குச் சில வாரத்தில் கைது, மேடைப் பேச்சுக்கு எட்டரை ஆண்டில் தீர்ப்பு.

வன்னியில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு புத்தகச் செய்தி அல்ல. 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோவில் வளவில், வேறு இடத்தில் செய்யுமாறு நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும், ஒரு பிக்குவின் உடல் தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில் எரிக்கப்பட்டது. பொலிசார் அங்கேயே நின்றார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 290அ பிரிவை எடுத்துப் படியுங்கள்: வழிபாட்டிடத்திலோ அதன் அருகிலோ, ஒரு சாரார் அவமதிப்பாகக் கொள்வார்கள் என்ற அறிவோடு செய்யப்படும் செயல். இறந்த உடல் எரிந்தால் சைவக் கோவிலுக்குத் துடக்கு என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அறிவை நிரூபிக்க, எழுத்தில் இருந்த நீதிமன்றக் கட்டளையே போதும். எந்தப் பிரிவும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி வருவது அபூர்வம். 2023 மார்ச்சில் வவுனியா வெடுக்குநாறி மலையில் சிலைகள் பெயர்த்து எறியப்பட்டிருந்ததற்கு 290ஆம் பிரிவு இருக்கிறது. மறு வருடம் சிவராத்திரி இரவில் அதே மலையில் கும்பிடப் போனவர்கள் எட்டுப் பேர் கைதாகிப் பத்து நாளுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார்கள். மத உணர்வைக் காக்கும் சட்டம் யாருடைய உணர்வை முதலில் பார்க்கிறது என்பதைப் பிரிவின் வாசகம் சொல்லாது, பொலிஸ் நிலையத்தின் பதிவேடுதான் சொல்லும்.

சர்வதேச அளவுகோல் இவ்விடத்தில் உதவுகிறது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2011இல் வெளியிட்ட 34ஆம் பொதுக் கருத்துரை, மதத்துக்கு மரியாதை காட்டாததைத் தடுக்கும் சட்டங்கள் சமவாயத்தோடு ஒத்துப்போகாதவை என்கிறது. 20ஆம் உறுப்புரையின் தூண்டுதல் மட்டுமே விதிவிலக்கு. மதத்தைத் திட்டுவது வேறு, மதத்தைச் சேர்ந்த மனிதர்மேல் வன்முறையை ஏவுவது வேறு. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு 2012இன் ஐ.நா. றபாத் செயற்திட்டம் ஆறு கேள்விகள் தருகிறது: சூழ்நிலை என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, என்ன சொன்னார் எந்த வடிவில், எவ்வளவு பேரை அடைந்தது, தீங்கு நிகழ எவ்வளவு வாய்ப்பு. சத்குமாரவின் கதைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். கூட்டத்தை ஏவும் செல்வாக்குள்ள தலைவர் அல்லர், வடிவம் புனைகதை, யாரையும் தாக்கச் சொல்லவில்லை, பெரும்பான்மை மதத்தின் குருமார் மீது அந்தக் கதையால் வன்முறை வரும் வாய்ப்பும் இல்லை. மூன்றாவது கேள்வியைத் தாண்டவே முடியாது. 3ஆம் பிரிவின் சொந்த வாசகப்படியே அது குற்றமில்லை.

அப்புறம் மதவிலகல். இதை மத நிந்தனையோடு ஒரே மூச்சில் எழுதுவதால் கட்டுரைகள் குழம்புகின்றன. நிந்தனைச் சட்டம் வெளியே சொன்னதைத் தண்டிக்கிறது, மதவிலகல் சட்டம் ஒருவர் யாராக இருக்கிறார் என்பதையே தண்டிக்கிறது. வெளிப்பாட்டுக்கு நியாயமான வரம்பு போடலாம் என்று சமவாயம் ஏற்கிறது. ஒரு மதத்தைக் கொண்டிருக்கவும் மாற்றவும் உள்ள மனச்சுதந்திரத்துக்கு எந்த வரம்பும் போட முடியாது. ஆகவே இங்கே நோக்கத்தையும் விகிதாசாரத்தையும் எடைபோடும் வேலையே இல்லை.

எழுதிய சட்டம் இல்லாமலே இது நடக்கும் என்பதற்கு சூடான் உதாரணம். மஹ்மூத் முஹம்மத் தாஹா என்ற சீர்திருத்தச் சிந்தனையாளர் 1985 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டபோது, அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் மதவிலகல் என்ற குற்றம் எழுதப்பட்டிருக்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தானாகச் சேர்த்தது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது, அவர் இல்லை. பிரிவு எழுதப்பட்டது 1991இல், நீக்கப்பட்டது 2020இல்.

மலேசியாவில் மதவிலகலுக்கு மரண தண்டனை இல்லை, ஆனால் வாசல் பூட்டியிருக்கிறது. எவரெஸ்ட் ஏறிய மலேசியக் குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியிருந்தார் என்று இஸ்லாமிய மதத் திணைக்களம் உடலைக் கேட்டது. அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி வழக்குப் போட்டார். ஷரியா நீதிமன்றத்தின் முடிவில் தலையிட எங்களுக்கு அதிகாரமில்லை என்றது குடியியல் நீதிமன்றம். ஷரியா நீதிமன்றத்தில் இந்துப் பெண்ணான அவருக்கு இடமில்லை. கணவரை முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை என்பதுதான் அங்கே நடந்த உரிமை மீறல். தண்டனை நிரலில் இதற்குப் போட ஒன்றும் கிடையாது.

இலங்கையில் மதம் மாறுவதற்குத் தடை இல்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தை வரம்பில்லாமல் கொடுக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் புதிய சபைகளுக்குப் போன குடும்பங்கள் ஏராளம்; அதனால் வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் மனக்கசப்பும் உண்டு. அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் போனவரின் உரிமை அதனால் குறையாது. சட்டம் வேறு இடத்தில் இறுகுகிறது. 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகளின் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பரிசீலித்த உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு கொடுக்கவில்லை என்றது. மாறலாம், மாறச் சொல்லக் கூடாது என்ற நிலை. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதை சமவாயத்தின் 18ஆம் உறுப்புரைக்கு மீறல் என்றது. மறு வருடம், பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதியான நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கில், அந்தக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்த உடன்பாட்டில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஏற்றதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கடுத்த வருடம் வந்ததுதான் ஐசிசிபிஆர் சட்டம். அதைப் பக்கத்தில் வைத்து சமவாயத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள்: 20ஆம் உறுப்புரையின் தடை பத்து ஆண்டுச் சிறையோடு உள்ளே வந்திருக்கிறது, மதச் சுதந்திரத்தின் 18ஆம் உறுப்புரை அதில் எங்கும் இல்லை.